புது மீட்டர், தானே நகரும் கேட்: வீட்டுக்காரர் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

“வரும் சனிக்கிழமை ஸ்மார்ட் மீட்டரும் ஆட்டோமேட்டிக் கேட்டும் பொருத்தப்படும். அனைவரும் ஒத்துழைக்கவும்.” வாடகை வீடுகளின் வாட்ஸ்ஆப் குழுவில் இப்போதெல்லாம் இப்படி ஓர் அறிவிப்பு வந்து விழுகிறது. படித்த மறுநிமிடமே குடித்தனக்காரர்களுக்குக் கேள்விகள் கிளம்புகின்றன. கரண்ட் பில் ஏறுமா? பாக்கி வைத்தால் ஓனர் போனிலிருந்தே கரண்டை நிறுத்திவிடுவாரா? மின்சாரம் போய்விட்டால் கேட்டை எப்படித் திறப்பது? குழந்தை ஓடிவரும்போது கேட் நகர்ந்தால் என்ன ஆகும்?

எல்லாமே நியாயமான கேள்விகள். ஒரு நல்ல கடிதம் இவற்றுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடும். அப்படி ஒரு கடிதம் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னை மேற்கு மாம்பலத்தில் தரைத்தளமும் இரண்டு மாடியும் கொண்ட வீடு. ஆறு போர்ஷன், லிஃப்ட் கிடையாது. நான்கு போர்ஷன்களுக்குத் தனித்தனி இ.பி. இணைப்பு. முதல் மாடியில் இருக்கும் இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. தண்ணீர் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பொது மீட்டர் ஒன்று. இந்த வீட்டின் உரிமையாளர் எழுதும் கடிதத்தைப் பத்தி பத்தியாகப் படித்துக்கொண்டே போவோம்.

எந்த மீட்டர் மாறுகிறது?

“மின்வாரியத்தின் மீட்டர்கள் எதையும் நான் மாற்றவில்லை. முதல் மாடியின் இரண்டு போர்ஷன்களுக்கும் இப்போது இருக்கும் பழைய சப்-மீட்டர்களை எடுத்துவிட்டு, ஸ்மார்ட் சப்-மீட்டர்களைப் பொருத்துகிறேன். மற்ற நான்கு வீடுகளுக்கும் எந்த மாற்றமும் இல்லை.”

முதல் பத்தியே இப்படித் தெளிவாக இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஏனென்றால் ஸ்மார்ட் மீட்டர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று, மின்வாரியம் பொருத்துவது. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் சோதனை முயற்சியாகப் பொருத்தினார்களே, அந்த வகை. அது வாரியத்தின் மீட்டர். அதன் சீலை உடைக்கவோ அதை இடம் மாற்றவோ வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. மற்றொன்று, வாரிய மீட்டருக்கு அடுத்து, வீட்டுக்காரர் தன் செலவில் வைக்கும் சப்-மீட்டர். வாரியம் அதைப் படிப்பதும் இல்லை, அதை வைத்துப் பில் போடுவதும் இல்லை. ஒரே பில்லை இரண்டு குடும்பங்கள் பிரித்துக்கொள்வதற்கான கணக்குக் கருவி மட்டுமே அது.

இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், தனி இணைப்பு வைத்திருக்கும் மற்ற நான்கு குடும்பங்களும் தங்கள் மீட்டருக்குத்தான் ஏதோ நடக்கப்போகிறது என்று வீணாகக் கவலைப்படும்.

பில்லை எப்படிப் பிரிப்பது?

“வாரியம் அனுப்பும் பில்லின் மொத்தத் தொகையை, இரண்டு சப்-மீட்டர்களும் காட்டும் யூனிட்டுகளின் விகிதத்தில் பிரித்துக்கொள்வோம். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கமாட்டேன். பில்லின் நகலை இருவருக்கும் அனுப்புவேன்.”

கடிதத்திலேயே பணம் சம்பந்தப்பட்ட வரி இதுதான். இதன் அருமை தெரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வருகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் ஸ்லாப் ஸ்லாப்பாக விலை ஏறும். 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பிறகு விலை சற்று ஏறியிருக்கிறது, ஆனால் கணக்கின் போக்கு அதேதான். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை பறிபோய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4 ரூபாய் 50 காசு. 501ஆவது யூனிட்டிலிருந்து 8 ரூபாய்.

முதல் மாடியின் முன்போர்ஷனில் வயதான தம்பதி, 180 யூனிட் செலவாகிறது. பின்போர்ஷனில் ஏசி வைத்திருக்கும் குடும்பம், 340 யூனிட். இரண்டும் தனித்தனி இணைப்பாக இருந்தால் தம்பதிக்கு 180 ரூபாய், ஏசி வீட்டுக்கு 855 ரூபாய், ஆக மொத்தம் 1,035 ரூபாய்தான். ஒரே இணைப்பு என்பதால் கணக்கு 520 யூனிட் ஆகிவிடுகிறது. பில் 2,110 ரூபாய். அதே மின்சாரம், இரு மடங்குக்கும் மேல் பணம். யூனிட் விகிதத்தில் பிரித்தால் தம்பதிக்கு 730 ரூபாய், பின்போர்ஷனுக்கு 1,380 ரூபாய் வருகிறது.

தனி இணைப்பு இருந்தால் 180 ரூபாயோடு போயிருக்க வேண்டிய தம்பதி ஏன் 730 ரூபாய் கட்ட வேண்டும் என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். சப்-மீட்டர் எவ்வளவு ஸ்மார்ட்டாக இருந்தாலும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது. தனி இணைப்பு வாங்கிக் கொடுப்பதுதான் நிரந்தரத் தீர்வு. அதற்கு வழி இருக்கிறதா, விண்ணப்பிக்கப் போகிறாரா என்று வீட்டுக்காரர் அதே கடிதத்தில் ஒரு வரி எழுதுவது நல்லது.

சில வீடுகளில் “யூனிட்டுக்கு 8 ரூபாய்” என்று மொத்தமாக ஒரு விலை சொல்லிவிடுவார்கள். மேலே சொன்ன 520 யூனிட்டுக்கு அந்தக் கணக்கில் 4,160 ரூபாய் வசூலாகும். வாரியத்துக்குப் போவது 2,110 ரூபாய். மீதி 2,050 ரூபாய் எங்கே போகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் பில் நகல் கேட்பது முக்கியம்.

புது மீட்டரால் குடித்தனக்காரருக்கு என்ன லாபம்?

“உங்கள் போர்ஷன் அன்றன்றைக்கு எவ்வளவு செலவு செய்கிறது என்பதை உங்கள் போனிலேயே பார்க்கலாம். இரண்டு போர்ஷனும் சேர்ந்து 450 யூனிட்டைத் தொட்டதும் இருவருக்கும் செய்தி வரும்.”

பழைய சப்-மீட்டர் எண்ணிக்கொண்டே போகும். பில் வந்த பிறகுதான் விஷயம் தெரியும். ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒருமுறையோ அதற்கும் அடிக்கடியோ அளவைப் பதிந்து அனுப்புகிறது. இந்த வீட்டில் அதனால் கிடைக்கும் பெரிய பயன் 500 யூனிட் எல்லையை முன்கூட்டியே பார்க்க முடிவதுதான். 500 யூனிட்டோடு நின்றிருந்தால் பில் 1,725 ரூபாய். 520 ஆனதால் 2,110 ரூபாய். கடைசி 20 யூனிட்டுக்கு மட்டும் 385 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு 19 ரூபாய்க்கு மேல். இரண்டாவது மாதத்தின் கடைசி வாரத்தில் ஏசியை நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் குறைத்து ஓட்டினாலே அந்த 20 யூனிட்டைத் தவிர்த்துவிட முடியும். எச்சரிக்கை வந்தால்தான் அதைச் செய்யத் தோன்றும்.

மாற்றும் நாளில் கவனிக்க வேண்டியவை

“சனிக்கிழமை காலை 10 மணிக்கு எலக்ட்ரீஷியன் வருவார். உங்கள் போர்ஷனில் மின்சாரம் சுமார் ஒரு மணி நேரம் இருக்காது. பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புது மீட்டரின் முதல் ரீடிங்கையும் உங்கள் முன்னிலையில் போட்டோ எடுத்து, காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம்.”

மீட்டர் மாற்றம் பற்றிய தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு எண்களில்தான் ஆரம்பிக்கின்றன. பழைய மீட்டரைக் கழற்றிப் பரணில் போட்ட பிறகு கடைசி ரீடிங் எவ்வளவு என்று கேட்டால், யாரிடமும் பதில் இருக்காது. வீட்டுக்குள் ஆள் வரவேண்டி இருந்தால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. 2019 பிப்ரவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்தக் கடிதமே அந்த அறிவிப்பாகவும் ஆகிவிடும்.

மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத் தொழில்நுட்பம் படித்திருக்க வேண்டியதில்லை. மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மின்னும். பக்கத்திலேயே 3200 imp/kWh என்பது போல அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3,200 முறை மின்னும் என்று பொருள். முதலில் போர்ஷனில் இருக்கும் எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் இன்வெர்ட்டர் இணைப்பையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். விளக்கு மின்னக் கூடாது. அப்போதும் மின்னினால் வேறு யாருடைய வயரோ உங்கள் மீட்டர் வழியாகப் போகிறது. பழைய வீடுகளில் மாடிப்படி விளக்கோ பக்கத்துக் குளியலறை கீசரோ இப்படி மாட்டிக்கொண்டிருப்பது உண்டு. அடுத்து, 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை ஒரு பக்கெட் தண்ணீரில் வைத்து ஓடவிட்டு, ஒரு நிமிடம் எண்ணுங்கள். 53 முறைக்குப் பக்கத்தில் மின்னினால் மீட்டர் சரி. வோல்டேஜ் குறைவாக இருந்தால் எண்ணிக்கையும் சற்றுக் குறையும். 70, 80 என்று வந்தால் மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். ராடு ஓடும்போது தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சுவிட்ச் யார் கையில்?

“மீட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் வசதி இருக்கிறது. தீ, மின்கசிவு போன்ற ஆபத்தைத் தவிர வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தமாட்டேன். வாடகையோ பில்லோ பாக்கி இருந்தாலும் பயன்படுத்தமாட்டேன். உங்கள் மணிக்கணக்குப் பயன்பாடு உங்களுக்கு மட்டுமே தெரியும்படி அமைக்கிறேன். நான் பார்ப்பது இரண்டு மாத மொத்தம் மட்டுமே.”

ஸ்மார்ட் சப்-மீட்டர்கள் பலவற்றில் ரிலே என்ற சின்ன சுவிட்ச் உண்டு. போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் அந்தப் போர்ஷனே இருண்டுவிடும். முன்பெல்லாம் கோபத்தில் ஃபியூஸைப் பிடுங்க வேண்டுமானால் ஓனர் மாடி ஏறி வர வேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள். இப்போது அந்தக் கூச்சத்துக்கும் இடமில்லை. மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்திவைக்கக் கூடாது என்று மேலே சொன்ன சட்டமே தடுக்கிறது. இருந்தாலும் கடிதத்தில் எழுதி வைப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

அரை மணிக் கணக்கு அந்தரங்கமான தகவல் என்பது பலருக்கு உறைப்பதில்லை. குடும்பம் எத்தனை மணிக்கு எழுகிறது, பகலில் வீடு காலியாக இருக்கிறதா, ஊருக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது என்பதையெல்லாம் அந்தக் கோடுகளிலிருந்தே ஊகித்துவிடலாம். பில்லைப் பிரிக்க இதில் எதுவும் தேவையில்லை. யாருக்கு எந்தக் கணக்கு தெரியும் என்பதைச் செயலியில் அமைக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

கேட்: முதலில் கால்நடையாக வருபவர்கள்

“பெரிய கேட் வண்டிகளுக்கு மட்டும். நடந்து வருபவர்கள் பக்கத்தில் இருக்கும் சின்ன கேட்டையே பயன்படுத்த வேண்டும். அதற்கு மோட்டார் கிடையாது.”

பன்னிரண்டு அடி அகலத் தள்ளு கேட்டின் எடை சாதாரணமாகவே சில நூறு கிலோ இருக்கும். அடியில் பல்வரிசை போன்ற ஒரு பட்டையை நீளவாக்கில் பொருத்தி, மோட்டாரின் பல்சக்கரம் அதைத் தள்ளுகிறது. திறக்க ஏறத்தாழ 20 விநாடி. அந்த 20 விநாடிப் பாதையில் யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் பாதுகாப்பு. பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் சின்ன கேட்தான். அது இல்லாத வீட்டில் மோட்டார் வைக்கும் முன் அதை வைக்க வேண்டும்.

இரண்டாவது பாதுகாப்பு, கேட்டின் இரு பக்கத் தூண்களிலும் எதிரெதிராக வைக்கும் அகச்சிவப்புக் கதிர் சென்சார். மூடும்போது யாராவது குறுக்கே வந்து கதிர் தடைப்பட்டால் கேட் நின்று பின்னோக்கிப் போக வேண்டும். ஆனால் அது பார்ப்பது ஒரே ஒரு கோட்டைத்தான். முழங்கால் உயரத்தில் வைத்தால், தவழும் குழந்தையும் பூனையும் அதன் அடியில் போய்விடலாம். அதனால் இரண்டு உயரங்களில் இரண்டு ஜோடி வைப்பது நல்லது.

மூன்றாவது, மோட்டாரின் அழுத்த வரம்பு. எதிலாவது முட்டினால் மோட்டார் அதை உணர்ந்து திரும்ப வேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என். 12453, முட்டும் நேரத்தில் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, முக்கால் விநாடிக்குள் 150 நியூட்டனுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்கிறது. 400 நியூட்டன் என்பது நாற்பது கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். பொருத்துபவர்கள் சில சமயம் கேட் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று இந்த வரம்பை மிக உயர்த்திவைத்துவிடுகிறார்கள். உண்மையில் தண்டவாளத்தில் சேரும் மண்ணும் தேய்ந்த சக்கரமுமே கேட்டை நிறுத்தியிருக்கும். அவற்றைச் சரிசெய்யாமல் விசையைக் கூட்டினால் பாதுகாப்பையே கழற்றிவிட்டது போலாகும்.

சென்சாரும் அழுத்த வரம்பும் காக்காத ஓர் இடம் உண்டு. கம்பி கேட்டாக இருந்தால், திறக்கும்போது கம்பிகள் தூணை உரசிக்கொண்டு பின்னால் போகும். கம்பிக்குள் கையை விட்டு நிற்கும் குழந்தையின் கை அங்கே மாட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் தகடோ நெருக்கமான வலையோ அடித்து மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. தண்டவாளத்தின் இரு முனைகளிலும் உறுதியான இரும்புத் தடுப்பு இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். அது இல்லாமல் லிமிட் சுவிட்ச் ஒருநாள் பழுதானால், கேட் தண்டவாளத்தை விட்டு ஓடிச் சரிந்துவிடும்.

கரண்ட் இல்லாதபோதும் மழைக்காலத்திலும்

“மின்சாரம் இல்லாவிட்டால் மோட்டாரின் பக்கத்தில் இருக்கும் பூட்டைச் சாவியால் திறந்து நெம்புகோலைத் திருப்புங்கள். பிறகு கேட்டைக் கையால் தள்ளலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாவி தருகிறேன். மழைநீர் முற்றத்தில் ஏறத் தொடங்கினால் பொது மீட்டர் பக்கத்தில் ‘கேட்’ என்று எழுதிய சுவிட்சை முதலில் அணைத்துவிடுங்கள்.”

இரவில் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது சாவி ஓனர் வீட்டில் இருந்தால் பயனில்லை. ஆறு குடும்பத்துக்கும் ஆறு சாவி, பெரியவர்கள் அனைவருக்கும் ஒருமுறை செய்முறைப் பயிற்சி. சென்னைக்கு மழையும் ஒரு கணக்கு. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று தெருக்காரர்களுக்குத் தெரியும். மோட்டாரை அதற்கு மேலே பீடம் கட்டி வைக்க முடியாத இடத்தில், மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். அது இருந்தாலும் தண்ணீர் ஏறும்போது சுவிட்சை அணைப்பதுதான் முறை.

ரிமோட்டும் செலவும்

“ஒரு வீட்டுக்கு இரண்டு ரிமோட். தொலைந்தால் அன்றே சொல்லுங்கள், அந்த ரிமோட்டை மட்டும் நீக்கிவிடுவேன். மோட்டார் செலவும் பொருத்தும் செலவும் என்னுடையது. அதன் மின்சாரம் பொது மீட்டரில் சேரும்.”

விலை குறைந்த சில ரிமோட்டுகள் எப்போதும் ஒரே சங்கேதத்தையே அனுப்பும். அதைச் சாவிக்கடையில் சில நிமிடங்களில் நகல் எடுத்துவிடலாம். அழுத்தும்போதெல்லாம் சங்கேதம் மாறும் ரோலிங் கோடு வகையைத்தான் கேட்க வேண்டும். குடித்தனம் காலி செய்பவர் ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. கேட்டின் நினைவகத்திலிருந்தும் அதை நீக்க வேண்டும். போன் செய்தால் திறக்கும் வசதி இருந்தால் அவருடைய எண்ணையும் நீக்க வேண்டும்.

மின்செலவு பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. 400 வாட் மோட்டார், ஒருமுறைக்கு 20 விநாடி, நாளுக்கு 60 முறை நகர்ந்தால் இரண்டு மாதத்துக்கு 8 யூனிட். சும்மா இருக்கும்போது ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் சர்க்யூட் 8 வாட் எடுத்தாலும் அதே காலத்தில் 11 யூனிட்டுக்கு மேல் ஆகிவிடும். ஓடுவதைவிட காத்திருப்பதற்கே அதிகம். பொது மீட்டருக்கு வாரியம் தனிக் கட்டணம் வைத்திருக்கிறது. பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று தளங்களுக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் குடியிருப்புகளுக்கு 2023இல் அந்தக் கட்டணத்தைக் குறைத்தார்கள். நம் ஆறு போர்ஷன் வீடு அதற்குப் பொருந்தும். வீட்டுக்காரர் அந்தச் சலுகையைப் பெற்றிருக்கிறாரா என்று பொது மீட்டரின் பில்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மோட்டார் வைத்ததைக் காரணம் காட்டி வாடகையை உயர்த்தலாமா? வேலை தொடங்கும் முன்பே இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே. இந்தக் கடிதம் செலவு தன்னுடையது என்று சொல்லிவிட்டது. அதனால் ஆறு மாதம் கழித்து அந்தப் பேச்சு எழுந்தால், குடித்தனக்காரர் எடுத்துக் காட்ட வேண்டியது இந்தக் கடிதத்தைத்தான்.

கடைசிப் பத்தி ஒரு வாக்குறுதி: “ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை கேட் மூடும்போது கதிரின் குறுக்கே துடைப்பக் குச்சியை நீட்டிப் பார்ப்போம். பிறகு பாதையில் ஒரு தெர்மாகோல் பெட்டியை வைத்துப் பார்ப்போம். இரண்டு முறையும் கேட் திரும்பாவிட்டால், மெக்கானிக் வரும் வரை மோட்டாரை அணைத்துவிட்டுக் கையால் தள்ளுவோம். யார் பார்த்தாலும் எனக்குச் சொல்லலாம்.”